24 போத்தல் பெட்டியும் 28 பரல் லொறியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் நம்முடைய பொதுக்காசு சம்பந்தப்பட்டது என்பதால் பொறுமையாக வாசியுங்கள். போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வராந்தாவில் நடந்த வாக்குவாதத்தில் இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி பிழை என்பது என் கருத்து. அதில் ஒரு பக்கத்துப் பிழைக்கு நானே காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரமழானில் உலருணவுப் பொதி கட்டிய நேரம். 240 தேங்காய் எண்ணெய்ப் போத்தல்கள். ஒவ்வொன்றும் குறுக்கே 8 சென்டிமீட்டர். கையில் இருந்த அட்டைப் பெட்டிகளின் உட்புறம் 32க்கு 48. நாலு வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் 24. பத்துப் பெட்டியில் கணக்கு முடிய வேண்டும். பெட்டி கட்டிய பொடியன்கள் எல்லாம் என் வகுப்புப் பிள்ளைகள். அதற்கு இரண்டு கிழமை முன்புதான் வகுப்பில் வட்டங்களை அடுக்குவது பற்றிச் சொல்லியிருந்தேன். ஒரு போத்தலுக்கு நேர் பின்னால் அடுத்த போத்தலை வைத்தால் தரையில் நூற்றுக்கு 78.5 பங்குதான் நிரம்பும், 21.5 பங்கு வெறும் இடம். இரண்டு போத்தலுக்கு நடுவில் வரும் பள்ளத்துக்குள் அடுத்த வரிசைப் போத்தலை வைத்தால் 90.7 பங்கு நிரம்பும். ஆகவே அதே இடத்தில் 15 வீதம் கூடுதலாக வைக்கலாம் என்று கரும்பலகையில் பெருமையாக எழுதியிருந்தேன்.

பிள்ளைகள் அதை நம்பிவிட்டார்கள். 24இல் 15 வீதம் கூட என்றால் 27 வர வேண்டும். நீளவாக்கில் முதல் வரிசை ஆறு வைத்தார்கள். இரண்டாவது வரிசை பள்ளத்துக்குள் இறங்கியது, ஆனால் ஐந்துதான் கொண்டது. மூன்றாவது ஆறு, நாலாவது ஐந்து. மொத்தம் 22. ஐந்தாவது வரிசைக்கு மிச்சமிருந்தது 3 சென்டிமீட்டர் சொச்சம். பெட்டியைத் திருப்பி அகலவாக்கில் முயன்றார்கள். நாலு, மூன்று, நாலு, மூன்று என்று ஆறு வரிசை போய் 21 ஆனது.

"சேர், ஒங்கட கணக்கு பெட்டிக்குள்ள வருதில்லயே" என்றான் ஒருவன்.

வரவில்லைதான். இப்படியே கட்டியிருந்தால் பத்துப் பெட்டிக்குப் பதிலாகப் பதினொன்று தேவைப்பட்டிருக்கும். கணக்கு பிழையில்லை. 90.7 என்ற எண்ணும் பிழையில்லை. அது விளிம்பே இல்லாத தரைக்கு உரிய எண் என்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

வீட்டில் ஐந்து ரூபாய்க் குற்றிகள் இருந்தால் மேசையில் வைத்துப் பாருங்கள். ஒன்றைச் சுற்றி சரியாக ஆறு குற்றிகள் இடைவெளி இல்லாமல் நிற்கும். அந்தத் தேன்கூட்டு வடிவம்தான் மாற்று அடுக்கு. விளிம்பில்லாத தரையில் இதைவிட நெருக்கமாக வட்டங்களை வைக்கவே முடியாது. நோர்வே நாட்டுக் கணித அறிஞர் தூ 1890இல் இதற்கு ஒரு நிறுவலைக் கொடுத்தார். அதில் இருந்த ஓட்டைகளை அடைத்து முழுமையாக நிறுவியவர் ஹங்கேரியின் ஃபெயெஷ் தோத், 1940களில். ஆனால் அவர்கள் யாரும் 32க்கு 48 அட்டைப் பெட்டிக்கு இது சரி என்று சொல்லவில்லை.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். பள்ளத்துக்குள் இறங்கும்போது வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் குறைகிறது. மூன்று போத்தல் ஒன்றையொன்று தொட்டு நின்றால் அவற்றின் நடுப்புள்ளிகள் ஒரு சமபக்க முக்கோணம். பக்கம் 8 என்றால் உயரம் பைதகரஸ் கணக்கில் 6.93. சாதாரண தரப் பிள்ளைகள் இதைப் போட்டுவிடுவார்கள். ஆக ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் மிச்சம். அப்படிச் சேர்த்துச் சேர்த்து ஒரு புது வரிசைக்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால் எட்டு வரிசையாவது போக வேண்டும். நம்முடைய பெட்டியில் இருந்தது நாலு அல்லது ஆறு வரிசை. லாபம் கைக்கு வருவதற்குள் பெட்டி முடிந்துவிடுகிறது. நட்டமோ இரண்டாவது வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் பாதிப் போத்தல் தள்ளி நிற்கும் வரிசைக்கு இரண்டு ஓரத்திலும் அரைப் போத்தல் அகலம் வீணாகி ஒரு போத்தல் குறைகிறது.

பெட்டி 64க்கு 64 ஆக இருந்திருந்தால் நேர் அடுக்கில் 64 போத்தல். மாற்று அடுக்கில் எட்டு, ஏழு, எட்டு, ஏழு என்று ஒன்பது வரிசை போய் 68 ஆகியிருக்கும். அங்கே மாற்று அடுக்கு வெல்கிறது. ஆனால் 68 எண்ணெய்ப் போத்தல் உள்ள பெட்டியைத் தூக்க யார் வருவது?

"அப்படியென்றால் மாற்று அடுக்குக்கு ஏற்ற அளவில் பெட்டி செய்விப்போம்" என்று நிர்வாகத்தில் ஒரு சகோதரர் சொல்கிறார். வெள்ளிக்கிழமை வாக்குவாதத்தில் ஒரு பக்கம் அவர். அவருடைய நிய்யத் நல்லது. கணக்கைப் பார்ப்போம். 24 போத்தலை ஆறு வரிசையாக, எல்லா வரிசையிலும் நாலு வரும்படி மாற்றி அடுக்க, பெட்டி 36க்கு 42.6 இருக்க வேண்டும். பரப்பு சுமார் 1535 சதுர சென்டிமீட்டர். இப்போது நம்மிடம் உள்ள 32க்கு 48 பெட்டியின் பரப்பு 1536. இதற்காகப் புதுப் பெட்டி அடிப்பதா?

இன்னொன்று. கண்ணாடிப் போத்தல் என்றால் நடுவில் அட்டைத் தடுப்புப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றத்தில் போகும்போது ஒன்றோடொன்று முட்டும். குறுக்கும் நெடுக்கும் செருகும் தடுப்பு நேர் அடுக்குக்குத்தான் பொருந்தும். கடையில் சோடாப் போத்தல் வரும் பிளாஸ்டிக் கிரேட்டைப் பாருங்கள், நாலுக்கு ஆறு, நேர் கட்டம். அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அத்தோடு நாலு போத்தலுக்கு நடுவில் வரும் ஓட்டைக்குள் 3.3 சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒன்று போகும். நாங்கள் மஞ்சள்தூள் பக்கெட்டைச் சுருட்டி அதற்குள் நிறுத்தினோம். மாற்று அடுக்கின் ஓட்டைக்குள் ஒரு விரல்கூடச் சரியாகப் போகாது. எண்ணெய்ப் போத்தல் விஷயத்தில் பழைய பெட்டியே போதும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதே மாதிரி ஒரு கணக்கு சவூதியில் கிடங்கில் வேலை செய்த என் மச்சானிடமிருந்து. 200 லீற்றர் இரும்புப் பரலை 20 அடி கொள்கலனில் ஏற்றுவது அவருடைய வேலை. பரல் குறுக்கே சுமார் 58.5 சென்டிமீட்டர், கொள்கலனின் உள் அகலம் சுமார் 235. நாலு பரல் 234. ஒரு சென்டிமீட்டர்தான் மிச்சம்! நீளம் சுமார் 590, பத்துப் பரல் 585. ஆகவே நேர் அடுக்கில் ஒரு தட்டில் 40, இரண்டு தட்டில் 80. மாற்றி அடுக்கினால் நாலு, மூன்று என்று பதினொரு வரிசை போய் 39. ஒன்று குறைவு. 40 அடிக் கொள்கலனில் நேர் அடுக்கு 80, மாற்று அடுக்கு 81. இரண்டு மடங்கு நீளம் போன பிறகுதான் ஒரே ஒரு பரல் லாபம். அதையும் எண்ணெய் நிரப்பி இரண்டு தட்டாக ஏற்றினால் பாரம் தாங்காது.

இதுவரை வாசித்தவர்கள் "சேர் நேர் அடுக்கின் பக்கம்" என்று முடிவெடுத்திருப்பீர்கள். வாக்குவாதத்தின் மறுபக்கத்தில் நின்ற லொறிக்கார நானாவும் அப்படித்தான் சந்தோஷப்பட்டார். "நான் முப்பது வருஷமா நேராத்தான் அடுக்கிறன், பரல் நேராத்தான் நிக்கணும்" என்றார். அவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

கிண்ணியாப் பக்கத்துக் கிராமமொன்றுக்குக் குடிதண்ணீர் சேமிக்க வெறும் நீலப் பரல்கள் 28 கொண்டுபோன நாளை நினைத்துப் பாருங்கள். மூடியை இரும்பு வளையம் போட்டுப் பூட்டும் பிளாஸ்டிக் பரல், இதுவும் குறுக்கே 58.5. நானாவின் லொறியின் உட்புறத்தை நானே நாடாவால் அளந்தேன். அகலம் 220, நீளம் 440. நானா வழமைபோல அகலத்துக்கு மூன்று, நீளத்துக்கு ஏழு என்று 21 ஏற்றிவிட்டு, "மிச்சம் ஏழுக்கு இன்னொரு நடை போகணும் சேர்" என்றார். நடைக் கூலி யார் காசு? ஜமாஅத் காசு.

ஆனால் அந்த 21 பரலும் நின்ற விதத்தைப் பாருங்கள். மூன்று பரல் 175.5 சென்டிமீட்டர். பக்கத்தில் 44.5 வெறுமை. அது ஒரு பரலுக்குப் போதாது, ஆனால் பாதிப் பரலைவிட அதிகம். நீளத்தில் ஏழு பரல் 409.5. பின்கதவுப் பக்கம் 30.5 வெறுமை. அதுவும் பாதிப் பரலுக்குக் கொஞ்சம் கூட. இங்கேதான் எண்ணெய்ப் பெட்டிக்கும் லொறிக்கும் வித்தியாசம். பெட்டியில் ஓரத்தில் எதுவும் மிச்சமில்லை, அதனால் தள்ளி வைத்த வரிசை ஒரு போத்தலை இழந்தது. லொறியில் பாதிப் பரல் மிச்சம் இருந்தது. தள்ளி வைத்த வரிசையும் முழுசாக ஏழு பரலைக் கொள்ளும்.

செய்தது இதுதான். முதல் வரிசை ஏழை லொறியின் ஒரு பக்கப் பலகையோடு ஒட்டி, முன்பலகையில் இருந்து தொடங்கி நீளவாக்கில் நிறுத்தினோம். இரண்டாவது வரிசையை முன்பலகையில் இருந்து 29 சென்டிமீட்டர் சொச்சம் பின்தள்ளி, முதல் வரிசையின் பள்ளங்களுக்குள் இறக்கினோம். அதுவும் ஏழு. அதன் கடைசிப் பரல் 438.75இல் முடிகிறது. கதவுக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம். மூன்றாவது வரிசை முதலாவதைப் போல, நாலாவது இரண்டாவதைப் போல. வரிசைக்கும் வரிசைக்கும் தூரம் 58.5 அல்ல, 50.7. ஆகவே நாலு வரிசைக்கும் தேவைப்பட்ட அகலம் 210.5 மட்டும். நாலு வரிசை, வரிசைக்கு ஏழு. 28 பரலும் ஒரே நடையில்.

15 வீதம் என்று கரும்பலகையில் எழுதினேன். லொறியில் கிடைத்தது 21க்கு மேல் 7, மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதற்காக மாற்று அடுக்கு மாயம் செய்தது என்று நினைக்க வேண்டாம். நானா ஏற்றிய விதத்தில் லொறித் தரையில் 58 வீதம்தான் நிரம்பியிருந்தது, 42 வீதம் வீண். மாற்றிய பிறகு 78 வீதம். புத்தகம் சொல்லும் 90.7 அப்போதும் கிட்டவில்லை. கிடைத்த லாபத்தில் பெரும்பங்கு ஓரத்தில் சும்மா கிடந்த அந்தப் பாதிப் பரல் இடத்தில் இருந்து வந்தது.

நேர்மையாகச் சொன்னால், முதல் தடவை 27தான் போனது. கடைசிப் பரலை வைத்தால் கதவு பூட்டவில்லை. நானாவின் முகத்தில் சிரிப்பு. எங்கே இடம் போனது என்று வரிசை வரிசையாகப் பார்த்தோம். நாலாவது வரிசையில் இரண்டு பரலின் மூடி வளையத்தில் இருக்கும் பூட்டுக் கைப்பிடி பக்கத்துப் பரலை முட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பரல்களைச் சுழற்றி, கைப்பிடி பள்ளத்துக்குள் வரும்படி திருப்பினோம். கதவு பூட்டியது. ஒரு சென்டிமீட்டர் மிச்சத்தில் வேலை செய்யும்போது பரலின் உடம்பை மட்டும் அளந்தால் போதாது, வெளியே துருத்தி நிற்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். நெளிந்த பரல் ஒன்று இருந்திருந்தால் எங்கள் கணக்கும் அன்று தோற்றிருக்கும்.

நானாவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நேர் அடுக்கில் கயிறு குறுக்கே நேராக ஓடும், எண்ணுவதும் சுலபம். மாற்று அடுக்கில் ஒன்று விட்டு ஒரு வரிசையில், முன்பலகைப் பக்கமோ கதவுப் பக்கமோ அரைப் பரல் இடைவெளி இருக்கும். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் அடித்தால் இரண்டாவது, நாலாவது வரிசைகள் முன்னுக்கு நகரப் பார்க்கும். ஆனால் இறுக்கமாக நின்றால் பள்ளத்துக்குள் இருக்கும் பரலைப் பக்கத்துப் பரல்கள் நகரவிடாது. நாங்கள் முன்பலகையோடு வந்த இரண்டு இடைவெளியிலும் சாக்குச் சுருள் அடைத்தோம், பக்கப் பலகையோடு மிச்சமிருந்த 9.5 சென்டிமீட்டருக்குள் பலகைத் துண்டுகளைச் செருகினோம். ஒன்றும் ஆடவில்லை. வெறும் பரல் என்பதால்தான் இவ்வளவு சுலபம். தண்ணீர் நிரம்பிய 28 பரல் என்றால் ஐந்தரை தொன்னுக்கு மேல். அப்போது முதல் கேள்வி இடம் அல்ல, லொறி தாங்குமா என்பது.

போகும் வழியில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டி ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், இவ்வளவு இடத்த வீணாக்கி தூரத் தூர ஏன் கட்டினாங்க?" 99 தாங்கிகள் காட்டுக்குள் பரந்து நிற்கின்றன. அங்கே வெறுமையை வீண் என்று கணக்கிடக் கூடாது, ஒன்று பற்றினால் மற்றதுக்குத் தீ தாவாமல் இருப்பதற்கான இடம் அது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் அங்கே ஒரு தாங்கி எரிந்து போனதை ஊரில் எல்லோரும் அறிவோம்.

ஆக வெள்ளிக்கிழமை வாக்குவாதத்தில் என் நிலைப்பாடு இது. "எப்போதும் மாற்றி அடுக்கு" என்பதும் பிழை, "எப்போதும் நேராக அடுக்கு" என்பதும் பிழை. பெட்டியோ லொறியோ, உள் அகலத்தையும் நீளத்தையும் நாடாவால் அளந்து, பரலின் குறுக்களவால் வகுத்து, மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பக்கமும் மிச்சம் ஒன்றுமில்லை என்றால், அதுவும் எட்டு வரிசைக்குக் குறைவு என்றால், நேர் அடுக்கை விட்டு நகர வேண்டாம். ஏதாவது ஒரு பக்கம் பாதிப் பரல் மிச்சம் என்றால் மாற்றி அடுக்காமல் லொறியை அனுப்ப வேண்டாம். பாதிக்குக் குறைவாக மிச்சம் இருந்தாலும் கைவிடத் தேவையில்லை, அந்த மிச்ச அளவுக்கு மட்டும் வரிசையைத் தள்ளலாம். பள்ளத்துக்குள் முழுசாக இறங்காது, ஆனாலும் கொஞ்சம் இறங்கும்.

இந்தக் கடைசி விஷயம் இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது. அடுத்த தடவையும் 28 பரல்தான், ஆனால் நானாவின் லொறி திருத்த வேலைக்குப் போயிருக்கிறது. கிடைத்திருக்கும் லொறியை நேற்று மஃரிபுக்குப் பிறகு போய் அளந்தேன். நீளம் அதே 440, அகலம் 200 மட்டும். நாலு வரிசைக்கு 210.5 வேண்டும், ஆகவே போன முறை செய்தது நடக்காது. நேர் அடுக்கில் மறுபடி 21. அகலத்துக்கு மூன்று வைத்தால் மிச்சம் 24.5, பாதிப் பரலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று விட்டு ஒரு வரிசையை அந்த 24.5ஐ முழுதாகத் தள்ளினால் வரிசைத் தூரம் 58.5இல் இருந்து 53.1 ஆகக் குறைகிறது. எட்டு வரிசைக்கு 430 சொச்சம் போதும், 440க்குள் அடங்கும். மூன்று எட்டு 24.

இன்னும் நாலு பரல் மிச்சம். பிக்அப் வைத்திருக்கும் சகோதரர் யாராவது சனிக்கிழமை காலை கிண்ணியாப் பக்கம் போவதாக இருந்தால் கீழே எழுதுங்கள். நாலு பரல் நேராகவே நிற்கும்.